காபித்தூள் கடைப் பெரியவர்: முக லோகோவுக்கான குறிப்பு

தம்பி,

கும்பகோணம் காபித்தூள் கடை வேலை உறுதியாகிவிட்டது. போனில் பாதி சொன்னேன், மீதியை இதில் எழுதுகிறேன். படங்களைத் திறந்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

வேண்டியது ஒன்றுதான்: கடைக்காரரின் முகம், எழுத்து எதுவும் இல்லாத தட்டையான சின்னமாக. கடைப் பெயரை நான் தனியாக எழுதிக்கொள்கிறேன். பெரியவருக்கு வயது 68. கல்லாவில் இப்போது மகன் உட்காருகிறார், ஆனால் வருகிறவர்கள் எல்லாம் பெரியவரைத்தான் தேடுகிறார்கள். மகன் லோகோ கேட்டதற்குக் காரணமும் அதுதான்.

மூன்று படங்கள் அனுப்பியிருக்கிறேன். முதலாவது ஸ்டுடியோவில் எடுத்த பாஸ்போர்ட் படம். அதைத் தொடவே வேண்டாம். நேருக்கு நேர் ஃப்ளாஷ் அடித்ததில் மூக்கு, கன்னம் எல்லாம் ஒரே மட்டமாகிவிட்டது, மூக்குக்கண்ணாடியில் இரண்டு வெள்ளைப் பொட்டு வேறு. இரண்டாவது, கடையில் சன்னல் வெளிச்சத்தில் நான் எடுத்தது. முகம் சற்றே அவருடைய இடப்பக்கம் திரும்பியிருக்கிறது. வலது காதும் அதில் செருகிய பென்சிலும் நம் பார்வைக்கு இடது பக்கம் தெளிவாகத் தெரிகின்றன. இதை வைத்துத்தான் வரைய வேண்டும். மூன்றாவது, காதையும் பென்சிலையும் கிட்டத்தில் பார்த்துக்கொள்ள.

அந்தப் பென்சிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஓர் அம்மாள் வந்து, "கால் கிலோ, எண்பது இருபது" என்றார். அரைத்த தூளைப் பெரியவர் பொட்டலத்தில் கொட்டினார், வாயை மடித்தார், காதிலிருந்து பென்சிலை உருவி மடிப்பின் மேல் 80/20 என்று எழுதினார். எழுதி முடித்ததும் பென்சில் தானாகக் காதுக்குப் போய்விட்டது. சிக்கரி எவ்வளவு என்று கேட்கும்போது மட்டும் தலையை லேசாகக் குனிந்து, மூக்கின் பாதியில் நிற்கும் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறார். நான் இருந்த இரண்டு மணி நேரத்தில் இதை முப்பது தடவையாவது பார்த்திருப்பேன்.

ஆக நமக்கு வேண்டியவை மூன்று: இறங்கி நிற்கும் கண்ணாடி, அதற்கு மேலே பார்க்கும் கண்கள், காதில் பென்சில். முண்டாசையும் மீசையையும் போட்டுவிட்டால் பாரதி வந்துவிடுகிறார் அல்லவா, கண் மூக்கு இல்லாமலேயே? அந்த மாதிரி. இந்த மூன்றும் சரியாக விழுந்தால் கன்னம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். படத்தை அப்படியே ட்ரேஸ் போட்டு எடுத்தால் நிழல் எல்லாம் திட்டுத்திட்டாக வரும், யாரோ ஒரு தாத்தாதான் கிடைப்பார்.

இனி கோடு. 512-க்கு 512 அளவில் ஆர்ட்போர்டு வையுங்கள், நான் சொல்லும் எண்கள் எல்லாம் அந்தக் கணக்கில். வெளிக்கோடு, அதாவது தலை, தாடை, காது, கண்ணாடிச் சட்டம்: 22. உள்கோடு, அதாவது மூக்கு, மீசையின் பிரிவு, காதின் உள்வளைவு: 14. இந்த இரண்டுக்கு நடுவே மூன்றாவது கனம் வேண்டாம். தூரிகை போல ஆரம்பத்தில் தடித்து நுனியில் மெலியும் கோடும் வேண்டாம். முனைகள், மூலைகள் எல்லாம் உருண்டையாகவே இருக்கட்டும்.

14 ஏன் என்றால், இந்த லோகோ ஆகச் சிறிதாக வரப்போவது பில்லில். கடையில் இருப்பது 58 மி.மீ. சுருள் போடும் தெர்மல் பிரிண்டர், மில்லிமீட்டருக்கு 8 புள்ளி. அங்கே நம் முகம் 15 மி.மீ. அகலம்தான். அப்போது 14 என்பது 0.4 மி.மீ., மூன்று புள்ளிக்குச் சற்று மேல். 22 ஐந்து புள்ளியாகும். மூன்றுக்குக் கீழே போனால் கோடு இருக்கிறதா இல்லையா என்று பில்லைத் தூக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டியதுதான்.

கோட்டைவிட இடைவெளிதான் எனக்குப் பயம். இரண்டு கோடுகளுக்கு நடுவே குறைந்தது 18 விடுங்கள். பொட்டலம் பழுப்புக் காகிதம், அதில் ஸ்கிரீன் பிரிண்டிங். மை ஊறி இரண்டு பக்கமும் கொஞ்சம் பரவும். கோடு தடித்தால் பரவாயில்லை, இடைவெளி அடைத்துக்கொண்டால் முகம் போச்சு. போன வருஷம் ஓர் இனிப்புக் கடைக்கு நானே ஒரு பாட்டி முகம் வரைந்தேன். கொண்டையில் முடி முடியாக ஏழு கோடு. திரையில் அவ்வளவு அழகு. அட்டைப் பெட்டியில் அச்சாகி வந்தபோது பாட்டி தலையில் ஒரு கறுப்பு வடை உட்கார்ந்திருந்தது. ஆயிரம் பெட்டி.

கண்ணாடியில் தொடங்குங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பின்தான். சட்டம் கனத்த செவ்வகம், மூலை மழுங்கியது, உள்ளே காலி. கண்கள் சட்டத்தின் மேல்விளிம்புக்கு மேலே இரண்டு உருண்டைப் புள்ளிகள், 26 அளவு. புள்ளிக்கும் சட்டத்துக்கும் நடுவே அந்த 18 கட்டாயம். புருவம் நிரப்பிய வடிவம். அவருக்குத் தலை நரைத்தும் புருவம் மட்டும் கறுப்பாகவே நிற்கிறது, அது நமக்கு வசதி. முகம் திரும்பியிருப்பதால் மூக்குக்கு ஒரே கோடு போதும், கண்ணாடிக்குக் கீழே தொடங்கி, ‘ட’வை இடவலம் மாற்றிப் போட்டது போல. வாய் வேண்டாம், மீசை மூடிவிடுகிறது.

மீசையை நிரப்பிவிடாதீர்கள். கை தானாக நிரப்பப் போகும், எனக்கும் போனது. நிரப்பினால் பெரியவருக்கு நாற்பது வயதாகிவிடுகிறது. வெள்ளை மீசை, வெள்ளை முடி இரண்டுக்கும் ஓரக்கோடு மட்டும், உள்ளே காகிதம். அப்படிச் செய்தால் படத்தில் கனம் குறையும் என்பது தெரியும். அதைத் தோளில் சரிசெய்யலாம்: தோளை முழுக்க நிரப்பி, சட்டைக் காலரை அதில் வெட்டி எடுத்த வெற்றிடமாகக் காட்டுங்கள். அவர் போடுவது வெள்ளைச் சட்டைதான். ஆனாலும் கீழே அந்தக் கறுப்பு இல்லாவிட்டால் தலை அந்தரத்தில் மிதக்கும்.

காலரில் ஓர் எச்சரிக்கை. கேஎஃப்சி லோகோவில் கர்னல் சாண்டர்ஸ் முகத்துக்குக் கீழே இருக்கும் கழுத்து டையைப் பலர் குட்டிக் கைகால் என்று நினைத்துவிடுகிறார்கள், பெரிய தலை, சுண்டு உடம்பு. ஒருமுறை அப்படிப் பார்த்துவிட்டால் மறுபடி டையாகத் தெரியாது. நம் காலரின் இரண்டு முனைகளும் அப்படிக் கால் நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. வரைந்ததும் வீட்டில் யாரிடமாவது காட்டி, "இது என்ன?" என்று மட்டும் கேளுங்கள்.

இரண்டு பக்கமும் ஒன்று போல வரைந்து மடிக்கவும் வேண்டாம். ஸ்டார்பக்ஸ் 2011-இல் தன் கடற்கன்னியைப் புதுப்பித்தபோது முகம் இருபுறமும் துல்லியமாகப் பொருந்தி உயிரில்லாமல் இருக்கிறதென்று மூக்கின் நிழலை ஒரு பக்கம் மட்டும் சற்று நீட்டினார்கள். அது தேவதை. நம்முடையவர் மனிதர், அதுவும் ஒரு பக்கக் கண்ணாடிக் காம்பை நூல் கட்டி ஓட்டுகிறவர். (நூலை வரைய வேண்டாம்.)

நிறம் இரண்டு. அடர் காபி பழுப்பு `#3E2418`, எல்லாக் கோட்டுக்கும் நிரப்பலுக்கும். சிவப்பு `#C0281C`, பென்சிலுக்கு மட்டும். பொட்டலத்தின் பழுப்புக் காகிதம் தன் பாட்டுக்கு மூன்றாவது நிறமாக வந்துவிடும். அதுவே அவர் தோல், அதுவே சட்டைக் காலர். தோலுக்கென்று தனி நிறம் போடாதீர்கள், வெளுத்துக் காட்டுவது எனக்கும் பிடிக்காது, அவருக்கும் பிடிக்காது. பழுப்பையே ஐம்பது சதவீதம் குறைத்து நிழலுக்கு வைக்கலாமே என்று தோன்றும். வேண்டாம், ஸ்கிரீனில் அது புள்ளி புள்ளியாகத்தான் விழும். ஒரு நிறம் கூடினால் இன்னொரு ஸ்கிரீன், இன்னொரு கூலி. பொட்டலம் ஒன்றுக்கு எத்தனை பைசா என்று மகன் இப்போதே கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

சிவப்பே இல்லாமலும் லோகோ நிற்க வேண்டும். பில்லிலும் ரப்பர் ஸ்டாம்பிலும் ஒரே நிறம்தான், அங்கே பென்சில் முழுக்க நிரப்பிய பழுப்பாகும். அதனால் முதலில் ஒரே நிறத்தில் வரைந்து முடியுங்கள், சிவப்பைக் கடைசியில் ஏற்றுங்கள். பென்சிலைச் சுற்றி 18 வெற்றிடம் விட்டால் முடிக்கோட்டோடு ஒட்டாது.

விபூதி பற்றி மகன் கேட்டார். படத்தில் மூன்று பட்டையும் பளிச்சென்று இருக்கின்றன, நியாயமான கேள்வி. ஆனால் நம்மிடம் வெள்ளை இல்லை. பழுப்பில் போட்டால் நெற்றிச் சுருக்கமாகத்தான் தெரியும். நேரே பெரியவரிடமே கேட்டுவிட்டேன். "படத்துல இல்லாட்டி என்னம்மா, நெத்தியில இருக்கே" என்றார். அந்த விஷயம் முடிந்தது.

வாட்ஸ்அப்பில் வட்டமாக வெட்டும் என்பதால் முகம், பென்சில், தோள் எல்லாம் 440 விட்டமுள்ள வட்டத்துக்குள் அடங்கட்டும். பென்சிலின் கூர் முன்புறமாக நீட்டிக்கொண்டிருக்கும், அதையும் கவனியுங்கள். கடைக் கண்ணாடிக் கதவில் வினைல் வெட்டி ஒட்டப் போகிறார்கள். கூரான முனை இருந்தால் அங்கிருந்துதான் உரியத் தொடங்கும், பென்சில் கூரையும் சற்று மழுக்கிவிடுங்கள். வெட்டும் மெஷினுக்குக் கோடு கோடாக இருந்தால் ஆகாது, மூடிய வடிவமாக வேண்டும். ஆகவே கடைசியில் Inkscape-இல் `Path > Stroke to Path` கொடுத்து அனுப்புங்கள், திருத்தத்துக்கு வசதியாக மாற்றாத கோப்பும் ஒன்று இருக்கட்டும். கோப்புப் பெயர்கள்:

```
mugam-2niram.svg
mugam-1niram.svg
mugam-kodu.svg
mugam-1024.png
```

முதலில் கணினி வேண்டாம். வரும் வியாழனுக்குள் பென்சிலில் மூன்று வரைவு போதும், தலை குனிவை மட்டும் மூன்று அளவில் மாற்றிப் பாருங்கள். அதிகம் குனிந்தால் கோபக்காரர் ஆகிவிடுகிறார், குனியாவிட்டால் கண்ணாடிக்கு மேல் பார்ப்பது பொருந்தவில்லை. நான் வரைந்து பார்த்ததில் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டேன். வரைவுகளை 15 மி.மீ.க்குச் சுருக்கி அச்செடுத்து, கை நீட்டும் தூரத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

கூலி பேசியபடி 6,500, இரண்டு சுற்றுத் திருத்தம் உட்பட. பாதியை இன்று போட்டுவிட்டேன். அச்சகத்துக்காரர் அந்தச் சிவப்பைக் கண்ணளவில் கலப்பவர், அதனால் பழுப்புக் காகிதத்தில் அடித்த நிறத் துண்டு ஒன்று கூரியரில் உங்களுக்கு வரும். அதோடு கால் கிலோ தூளும் வருகிறது, பெரியவர் கொடுத்தது. மடிப்பில் 80/20 என்று அவர் கையால் எழுதியிருக்கிறது. பொட்டலத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அந்தக் கையெழுத்து எனக்கு ஸ்கேன் செய்து வேண்டும்.

அக்கா