சனிக்கிழமை வீடியோ கால்: டர்பன் மஸ்கிரேவ் ஃப்ளாட், அதை வாங்கப் பார்க்கும் சிங்கப்பூர் அக்கா

போவதற்கு முன்

டர்பனில் காலை 10 மணி என்றால் சிங்கப்பூரில் மாலை 4. அண்ணனும் வீட்டில் இருக்கும் நேரம், அதனால் இதுவே சரி. 9:15க்கே ஃப்ளாட்டில் இருக்க வேண்டும். விற்கும் வீட்டுக்காரர் இருக்க வேண்டாம் என்று சொல்லியாயிற்று. அவர் பக்கத்தில் நின்றால் அக்கா கேட்க நினைப்பதைக் கேட்கமாட்டார்.

போன் முழு சார்ஜ், பவர் பேங்க், டேப், திசைகாட்டி. பின் படுக்கையறையில் சிக்னல் அறுந்துவிடும், போன தடவை பார்த்தேன். அந்த அறையைத் தனியாக வீடியோ எடுத்து முன்னாலேயே அனுப்பிவிட வேண்டும். திரைச்சீலை, விளக்கு எல்லாம் அப்படியே இருக்கட்டும். அழகாக்கிக் காட்டினால் பிறகு நேரில் வந்து பார்க்கும்போது நம்மிடம்தான் கேட்பார்கள்.

கையில் இருக்க வேண்டியவை: லெவி என்னும் மாதப் பராமரிப்புக் கட்டண பில், ரேட்ஸ் என்னும் நகராட்சி வரி பில், ஃப்ளாட் உரிமையாளர் சங்கமான பாடி கார்ப்பரேட்டின் விதிமுறைகள், அதன் கடைசிப் பொதுக்கூட்டக் குறிப்பு, வீட்டுக்காரர் கையெழுத்திட்ட குறைகள் படிவம். சட்டப்படி அந்தப் படிவம் இல்லாமல் நான் இந்த ஃப்ளாட்டை விற்பனைக்கு எடுக்கவே கூடாது.

வீடியோ காலில் பேசுவது

"வணக்கம் அக்கா, அண்ணாவும் இருக்கிறாரா? சரி. முதலில் தெருவில் நிற்கிறேன். இது பெரியா மேடு, கட்டிடம் பழையது, நான்காம் மாடி. லிஃப்ட் ஒன்றுதான், அதில் ஏறும்போது லைன் அறுந்தால் நானே திரும்பக் கூப்பிடுகிறேன்."

"இதுதான் வாசல். உள்ளே போவதற்கு முன் ஒன்று சொல்கிறேன். நல்லதைக் கடைசியில் காட்டுகிறேன், குறையை முதலில் பாருங்கள்."

"குளியலறைக் கூரையில் இந்தக் கறை. மேல்மாடிக் குழாய் கசிந்தது, இப்போது சரிசெய்துவிட்டார்கள். கையை வைத்துப் பார்க்கிறேன், காய்ந்திருக்கிறது. வண்ணம் பூச வேண்டும். இந்த ஜன்னல் இரும்புச் சட்டத்தைப் பாருங்கள், கடல்காற்றில் துரு பிடித்திருக்கிறது. குழாயைத் திறக்கிறேன், தண்ணீர் வேகத்தை நீங்களே பாருங்கள். இப்போது அரை நிமிடம் நான் பேசாமல் இருக்கிறேன், தெருச் சத்தம் கேட்கட்டும்."

(நிஜமாகவே வாயை மூட வேண்டும். இதுதான் எனக்குக் கஷ்டம்.)

"சமையலறை 3.1 மீட்டருக்கு 2.4. டேப்பைக் காட்டுகிறேன், பாருங்கள். ஃபிரிட்ஜ் வைக்கும் இடம் 72 சென்டிமீட்டர். ஹால் வடக்கே பார்க்கிறது, திசைகாட்டி இதோ. இங்கே தெற்கு அரைக்கோளம் அக்கா, குளிர்காலத்தில் வெயில் வடக்கிலிருந்துதான் வரும். அதனால் ஊரில் சொல்லும் கணக்கை அப்படியே வைக்காதீர்கள். கிழக்குப் பக்கம் வாருங்கள்... துறைமுகம் தெரிகிறதா? நான் இவ்வளவுதான் சொல்வேன், நீங்களே பாருங்கள்."

பணம் பற்றிக் கேட்டால்: "விலை 11,50,000 ராண்ட். 12,10,000க்குள் இருப்பதால், சொத்து வாங்குபவர் அரசுக்குக் கட்டும் ட்ரான்ஸ்ஃபர் ட்யூட்டி இல்லை. பதிவு செய்யும் வக்கீல் கட்டணம் உங்களுடையது. மாத லெவி 2,950. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இங்குள்ள வங்கி பொதுவாக விலையில் பாதி வரைதான் கடன் தரும். மீதியை நீங்கள் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும். அந்தப் பணம் வெளிநாட்டிலிருந்து வந்ததற்கான சான்றைப் பத்திரமாக வையுங்கள். பத்திரத்தில் 'வெளிநாட்டில் வசிப்பவர்' என்று குறிப்பு போட வைத்தால், பிற்பாடு விற்ற பணத்தைத் திரும்ப எடுத்துப்போகும்போது உதவும்."

முடிவு இன்றே கேட்கக் கூடாது. "இரண்டு நாள் பேசிவிட்டுச் சொல்லுங்கள்" என்று முடிக்க வேண்டும்.

அன்று மாலையே அனுப்பும் வாட்ஸ்அப்

அக்கா, வணக்கம். காலையில் நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. காலின் பதிவு, பின் அறை வீடியோ, குறைகள் படிவம், பில்கள் எல்லாம் இத்துடன் இருக்கின்றன. அண்ணா கேட்ட கார் பார்க்கிங் பற்றி: ஒன்று மட்டும், எண் போட்டது, கூரை இல்லை. இரண்டாவது காருக்குத் தெருதான். நாய் வளர்க்க பாடி கார்ப்பரேட் எழுத்து மூலம் அனுமதி தர வேண்டும், திங்களன்று கேட்டுச் சொல்கிறேன்.

விருப்பம் இருந்தால் வாங்கும் ஒப்பந்தத்தை அனுப்புகிறேன். நிலம், வீடு விற்கும் ஒப்பந்தத்துக்கு இங்கே எலக்ட்ரானிக் கையெழுத்து செல்லாது. அச்செடுத்து, பேனாவால் கையெழுத்திட்டு ஸ்கேன் செய்து அனுப்புங்கள். மின்சாரச் சான்றிதழும் பூச்சி அரிப்புச் சான்றிதழும் விற்பவர் செலவு என்று அதில் எழுதிக்கொள்வோம். எல்லாம் சரியாகப் போனால் பதிவுக்கு ஏறத்தாழ மூன்று மாதம்.

உங்கள் சார்பில் யாரையாவது நேரில் அனுப்ப முடிந்தால் தயங்காதீர்கள். சாவி என்னிடம் இருக்கிறது. புதன் மாலை 5 மணிக்கு மேல் போகச் சொல்லுங்கள், அப்போதுதான் தெருவில் வண்டி நெரிசல் எப்படி என்று தெரியும்.