24 மணிநேர ஹெக்கத்தோன்: பதிவு முடிவது செப்டெம்பர் 25, மாலை 5 மணி

கடந்த வாரம் பலகையில் ஒட்டியிருந்த அறிவித்தலைக் கணக்கில் எடுக்க வேண்டாம். "கவர்ச்சிகரமான பரிசுகள்", "விரைவில் முந்துங்கள்" என்று படித்துவிட்டுத் தொகை எவ்வளவு, எந்த நாள் வரை என்று கேட்டு வந்தவர்கள் அதிகம். இதுவே செல்லுபடியாகும்.

போட்டி 2026 ஒக்டோபர் 10 சனி காலை 9 மணி முதல் ஞாயிறு காலை 9 மணி வரை, வெள்ளவத்தையில் எமது மூன்றாம் மாடிக் கணினிக்கூடத்தில் நடைபெறும். தலைப்பு: கொழும்பு பஸ் பயணம். காலி வீதியில் 100, 101 இலக்க பஸ்களில் தினமும் தொங்கிக்கொண்டு வருபவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

அணி: மூவர் அல்லது நால்வர். இருவராகவோ ஐவராகவோ வந்தால் ஏற்க மாட்டோம். வெவ்வேறு நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள் ஒரே அணியில் இருக்கலாம். ஆனால் ஒருவர் இரண்டு அணிகளில் இருக்க முடியாது. பல்கலைக்கழக, தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்களுக்கு மட்டும்; உயர்தர மாணவர்களுக்கு இம்முறை இடமில்லை. ஒக்டோபர் 5 வரை ஓர் உறுப்பினரை மாற்றலாம்.

பதிவு: இலவசம். கணினிச் சங்க அறையில் படிவத்தை நிரப்பி, எல்லா உறுப்பினர்களின் மாணவர் அடையாள அட்டைப் பிரதிகளுடன் வெள்ளி செப்டெம்பர் 25 மாலை 5 மணிக்குள் கையளிக்க வேண்டும். ஒருவர் வந்தால் போதும். இடம் 30 அணிகளுக்கு மட்டுமே, வந்த வரிசைப்படி. அதற்கு முன்பே நிரம்பிவிட்டால் அடுத்த ஐந்து அணிகள் காத்திருப்போர் பட்டியலில் சேரும்.

பரிசு: முதலாமிடம் 150,000 ரூபாய், இரண்டாமிடம் 75,000, மூன்றாமிடம் 40,000. இவை அணிக்குரியவை, தலைக்கு அல்ல. நால்வர் வென்றால் ஆளுக்கு 37,500 அவரவர் வங்கிக் கணக்கில் சேரும். தலைவரிடம் மொத்தமாகக் கொடுத்து நட்பைச் சோதிக்க மாட்டோம். முதலிடத்தில் இரு அணிகள் சமநிலை பெற்றால் முதலிரு பரிசுகளையும் கூட்டி, அணிக்கு 112,500 வீதம் பகிர்வோம்.

விதிகள்: கோட் எழுதுவது சனி 9 மணிக்குப் பின்னரே. திறந்த மூல நூலகங்களைப் பயன்படுத்தலாம். முன்பே முடித்துவைத்த சொந்தச் செயலியைக் கொண்டுவர முடியாது. நடுவர்கள் ஒவ்வொரு அணியின் களஞ்சியத்திலும் இதை இயக்கிப் பார்ப்பார்கள்:

```
git log --reverse --format="%h %ci"
```

முதல் வரியில் 9 மணிக்கு முந்திய நேரம் தெரிந்தால் அணி நீக்கப்படும். மடிக்கணினியின் கடிகாரத்தைத் திருத்த நினைக்கும் கெட்டிக்காரர்களுக்கு: சேவையகத்தில் பதிவாகும் நேரத்தையும் பார்ப்போம். ஞாயிறு 9 மணிக்குப் பின் அனுப்பப்படுவது கணக்கில் வராது, ஒரு நிமிடம் பிந்தினாலும்.

இரவு தங்க முடியாதவர்கள் மாலை 7 முதல் காலை 7 வரை வீட்டிலிருந்து வேலை செய்யலாம். இதனால் புள்ளி குறையாது. தங்குபவர்களுக்கு இரவு கொத்து ரொட்டி (மரக்கறியும் உண்டு), விடிய விடியத் தேநீர். கூடத்தில் இருப்பவை சதுர முள் பிளக் துளைகள்; வட்ட முள் சார்ஜர் வைத்திருப்பவர்கள் அடாப்டர் கொண்டுவர வேண்டும்.

சந்தேகங்களுக்கு வார நாட்களில் பிற்பகல் 2 முதல் 5 வரை சங்க அறைக்கு வரவும்.

கணினிச் சங்கச் செயலாளர்