பயிற்சித் தாள் 3: புட்-கால் சமநிலையும் கூட்டு நிலைகளின் லாபமும் (விடை விளக்கத்துடன்)

எல்லாக் கேள்விக்கும் பொதுவான விவரம்: பங்கின் இன்றைய விலை 102. ஆப்ஷன்கள் ஐரோப்பிய வகை, அதாவது எக்ஸ்பைரி அன்று மட்டுமே பயன்படுத்தலாம். எக்ஸ்பைரிக்கு 1 ஆண்டு. ஆண்டு வட்டி 5%. ஸ்ட்ரைக் 105 உள்ள காலின் பிரீமியம் 9. டிவிடெண்ட் இல்லை. தரகுக் கட்டணத்தை விட்டுவிடுங்கள். பிரீமியத்துக்கான வட்டியைக் கேள்வி கேட்டால் மட்டும் சேருங்கள்.

1. அதே ஸ்ட்ரைக், அதே எக்ஸ்பைரி உள்ள புட்டின் விலை என்ன?

`C − P = S − PV(K)`

PV(K) = 105 / 1.05 = 100. ஆகவே 9 − P = 102 − 100, P = 7.

ஸ்ட்ரைக்கைத் தள்ளுபடி செய்யாமல் 105 என்றே போட்டால் P = 12 வரும். பலரும் சறுக்கும் இடம் இதுதான். அதன் விலை அடுத்த கேள்வியில் தெரியும்.

2. சந்தையில் அந்தப் புட் 8.50-க்கு விற்கிறது. ரிஸ்க் இல்லாத லாபம் எப்படி?

7 பெறுமானமுள்ள புட் 8.50-க்குப் போகிறது என்றால் அதை விற்க வேண்டும். அதோடு பங்கை ஷார்ட் செய்து, காலை வாங்குங்கள். கைக்கு வருவது 8.50 + 102 − 9 = 101.50. அதில் 100-ஐ 5% வட்டிக்கு விட்டால் 1.50 இன்றே மிச்சம்.

எக்ஸ்பைரியில் வட்டியோடு 105 திரும்பி வரும். பங்கு 130-க்குப் போயிருந்தால் காலைப் பயன்படுத்தி 105-க்கு வாங்கி, கடன் வாங்கிய பங்கைத் திருப்பிக் கொடுக்கலாம். 80-க்கு விழுந்திருந்தால், புட் வாங்கியவர் பங்கை உங்கள் தலையில் 105-க்குக் கட்டுவார். அதே பங்கைத் திருப்பிக் கொடுத்தால் கணக்கு முடிந்தது. சரியாக 105-இல் நின்றால் சந்தையிலேயே வாங்கிக்கொள்ளலாம். மூன்றிலும் செலவு 105.

P = 12 என்று கணக்கிட்டவருக்கு 8.50 மலிவாகத் தெரியும். அவர் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்து 1.50-ஐ நிச்சயமாக இழப்பார்.

3. 105 காலையும் 105 புட்டையும் (விலை 7) வாங்குகிறீர்கள். பங்கு 93-இல் முடிந்தால் லாபம் எவ்வளவு?

புட் தருவது 105 − 93 = 12. கால் வீண். கட்டிய பிரீமியம் 16. எனவே 4 நஷ்டம். 12 என்று எழுதினால் அது பேஆஃப், கேட்டது லாபம். சமன் புள்ளிகள் 89, 121.

4. பங்கை 102-க்கு வாங்கி, 105 காலை 9-க்கு விற்கிறீர்கள். எக்ஸ்பைரியில் பங்கு 118. லாபம் எவ்வளவு? இது 105 புட்டை 7-க்கு விற்றதற்குச் சமமா?

பங்கில் 16 லாபம். விற்ற காலில் 13 கொடுக்க வேண்டும், 9 ஏற்கெனவே வாங்கியாயிற்று. மொத்தம் 16 − 13 + 9 = 12. பங்கு 105-க்கு மேல் எங்கே போனாலும் இதே 12-தான்.

இரண்டாம் பகுதியில்தான் விஷயம் இருக்கிறது. விற்ற புட்டின் உச்ச லாபம் 7. இரண்டு வரைபடங்களும் ஒரே வடிவம். 105-இல்தான் இரண்டும் மடங்கும். ஆனால் கவர்டு கால் எல்லா விலையிலும் 5 மேலே நிற்கும். பங்கு 90 என்றால் இது 3 நஷ்டம், அது 8 நஷ்டம். அந்த 5 எங்கிருந்து வருகிறது? சமநிலையைத் திருப்பி எழுதுங்கள்:

`S − C = PV(K) − P`

93 = 100 − 7. கவர்டு கால் என்பது 100-ஐ வட்டிக்கு விட்டு, ஒரு புட்டை விற்றதற்குச் சமம். அந்த 5, நூறின் ஓராண்டு வட்டி. அதை ஓசி லாபம் என்று நினைக்க வேண்டாம். 93 ஓராண்டு முடங்கிக் கிடக்கிறது. "சமம்" என்று மட்டும் எழுதினால் பாதி மதிப்பெண்.

5. 105 காலை 9-க்கு வாங்கி, 115 காலை 5-க்கு விற்றால், பங்கு 111-இல் முடியும்போது?

நிகரச் செலவு 4, வரவு 6, லாபம் 2. உச்ச லாபம் 6, சமன் புள்ளி 109.

6. எக்ஸ்பைரிக்குள், இன்றைய மதிப்பில் 3 டிவிடெண்ட் வரும். கால் விலை அதே 9. புட்?

பங்கு விலையிலிருந்து 3-ஐக் கழியுங்கள்: 9 − P = 99 − 100, P = 10. இதே ஆப்ஷன்கள் எக்ஸ்பைரிக்கு முன்பே பயன்படுத்தக்கூடிய அமெரிக்க வகையாக இருந்தால் சமன்பாடு அப்படியே பொருந்தாது; C − P-க்கு மேல், கீழ் வரம்புகள் மட்டுமே கிடைக்கும்.