சுற்றுலாப் பொதியில் வழங்கப்படாத சேவைகளுக்குப் பணம் மீளக் கோரல்

கிளிநொச்சி,
12.05.2025

முகாமையாளர் அவர்கட்கு,

கடந்த ஏப்ரல் 25 முதல் மூன்று நாட்கள் நுவரெலியா, கண்டி சென்றுவர எங்கள் குடும்பத்தினர் நால்வருக்காக ரூபா 1,92,000 செலுத்தியிருந்தோம். உங்கள் துண்டுப்பிரசுரத்தில் குறிப்பிட்ட விடுதிகளுக்குப் பதிலாக, இரண்டு இரவுகளும் சுடுநீர்கூட இல்லாத சாதாரண தங்குமிடங்களே தரப்பட்டன. நுவரெலியாக் குளிரில் முழங்கால் நோவுள்ள என் தாயார் மூன்றாம் மாடிக்குப் படியேற நேர்ந்ததை இங்கு விரிக்க விரும்பவில்லை. ஹோட்டன் சமவெளியும் பேராதனைப் பூங்காவும், நேரம் போதாதென்று சாரதி கூறியதால், முற்றாகத் தவிர்க்கப்பட்டன.

உங்கள் விலைப்பட்டியலின்படி ஓர் அறைக்கு இரவொன்றுக்கு ரூபா 18,000. தரப்பட்ட அறையின் கட்டணம், அங்கு தொங்கிய பலகையின்படி, ரூபா 6,500. ஆகவே இரு அறைகளுக்கும் இரண்டு இரவுகளுக்குமான வித்தியாசம் ரூபா 46,000 உடன், தவிர்க்கப்பட்ட இரு இடங்களுக்கு ஆளொன்றுக்கு ரூபா 4,500 வீதம் ரூபா 18,000 சேர்த்து, மொத்தம் ரூபா 64,000 ஐ 14 நாட்களுக்குள் மீளளிக்குமாறு கோருகிறேன். வாகனத்திலும் உணவிலும் குறையில்லை என்பதால் அவற்றுக்கு எதுவும் கேட்கவில்லை. தவறின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் எழுத்தில் முறையிடுவேன். பற்றுச்சீட்டு, துண்டுப்பிரசுரம், படங்களின் பிரதிகள் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
பயணத்தைப் பதிவுசெய்த வாடிக்கையாளர்