சிர்கோனியா–இட்ரியா: படிக அமைப்புகளும் நிலை வரைபடமும் (கட்டுரையின் இரண்டாம் பகுதிக்கான சுருக்கம், மறுபடி வரைய வேண்டிய படங்களோடு)

கட்டுரையின் இரண்டாம் பகுதிக்கான வாசகமும் இரண்டு கைவரைவுகளும் இதில் இருக்கின்றன. படங்களைக் கணினியில் வரையப்போகும் உங்களுக்கான குறிப்புகளை அந்தந்தப் படத்துக்குக் கீழேயே எழுதியிருக்கிறேன். ஆய்வுக்கு எடுத்தவை இரண்டு மாதிரிகள்: 3 மோல்% இட்ரியா சேர்த்தது (3Y), 8 மோல்% சேர்த்தது (8Y). இரண்டையும் 1450 °C-ல் சுட்டு, உலையிலேயே ஆறவிட்டோம்.

2.1 மூன்று அமைப்புகள்

தூய சிர்கோனியா அறை வெப்பநிலையில் ஒற்றைச்சரிவு (m) அமைப்பில் இருக்கும். சுமார் 1170 °C-க்கு மேல் நாற்கோண (t) அமைப்புக்கும், சுமார் 2370 °C-க்கு மேல் கனசதுர (c) அமைப்புக்கும் மாறும். உருகுவது 2700 °C-ஐத் தாண்டிய பிறகுதான்.

c என்பது புளோரைட் அமைப்பு, இடக்குழு Fm-3m. 8Y-க்கு a ஏறத்தாழ 5.14 Å. ஒவ்வொரு சிர்கோனியத்தையும் எட்டு ஆக்சிஜன்கள் சம தூரத்தில் சூழ்ந்திருக்கும். t-யின் இடக்குழு P4₂/nmc. இதிலும் எட்டு ஆக்சிஜன்கள்தான், ஆனால் தூரம் சமமல்ல: நான்கு சுமார் 2.1 Å-லும் மற்ற நான்கு சுமார் 2.4 Å-லும் இருக்கும். m-ன் இடக்குழு P2₁/c. a = 5.15, b = 5.21, c = 5.31 Å, β = 99.2°. இதில் ஒரு சிர்கோனியத்துக்கு ஏழு ஆக்சிஜன்களே அண்டை.

t-யின் அலகுக் கூட்டை எழுதும் முறையில் வாசகர் தடுமாற வாய்ப்பு அதிகம். அடிப்படைக் கூட்டில் 3Y-க்கு a = 3.605, c = 5.180 Å. இதைக் கனசதுரத்தோடு ஒப்பிட a-ஐ √2-ஆல் பெருக்க வேண்டும், 5.098 Å வரும். அப்போது c/a விகிதம் 1.016. கனசதுரத்திலிருந்து இவ்வளவுதான் விலகல். கட்டுரை முழுக்க இந்தப் புளோரைட் வழிக் கூட்டையே பயன்படுத்துகிறோம். அட்டவணையில் மட்டும் இரண்டையும் தருகிறோம்.

கன அளவை ஒப்பிட்டால் முக்கியமான சங்கதி தெரியும். m கூடு 140.6 Å³, t கூடு 134.6 Å³. அதாவது t, m-ஆக மாறும்போது பொருள் சுமார் 4.5% பருக்கிறது. தூய சிர்கோனியாவைச் சுட்டு ஆறவைத்தால் அது விரிசல் விட்டு உதிர்வது இதனால்தான். அதே பருத்தல், ஒரு விரிசலின் முனையில் மட்டும் நடந்தால் விரிசலை நெருக்கி நிறுத்தும். கால்சியா சேர்த்த சிர்கோனியாவில் இதை கார்வி, ஹன்னிங்க், பாஸ்கோ ஆகியோர் 1975-ல் எடுத்துக்காட்டினார்கள். 3Y-யின் உறுதிக்கும் இதே காரணம்தான்.

படம் 1: அலகுக் கூடுகள்

மூன்று கூடுகளையும் இடமிருந்து வலமாக c, t, m என்று ஒரே அளவுகோலில் வரையுங்கள். t-யை அடிப்படைக் கூடாக வரைய வேண்டாம். புளோரைட் வழியில் வரைந்தால்தான் மூன்றும் ஒரே குடும்பம் என்பது கண்ணுக்குத் தெரியும். c/a 1.016 என்பது கண்ணுக்குப் புலப்படாது. அதற்காகக் கூட்டை நீட்டிவிடாதீர்கள். t-யை அடையாளம் காட்ட வேண்டியவை ஆக்சிஜன்கள்: c அச்சின் வழியே ஒரு வரிசை மேலே, பக்கத்து வரிசை கீழே நகர்ந்திருக்கும். அந்த நகர்வுகளுக்குச் சிறு அம்புக்குறி போடுங்கள். m-ல் β கோணத்தைக் குறியுங்கள். சிர்கோனியம் சாம்பல், ஆக்சிஜன் சிவப்பு. கறுப்பு வெள்ளையில் அச்சடித்தாலும் வேறுபாடு தெரிய, ஆக்சிஜன் வட்டத்தைச் சிறிதாக்குங்கள்.

2.2 இட்ரியா செய்வது என்ன

Y³⁺, Zr⁴⁺-ஐவிடப் பெரியது. எட்டு அண்டைகள் உள்ள இடத்தில் அவற்றின் ஆரங்கள் 1.02, 0.84 Å. இரண்டு இட்ரியம் அயனிகள் உள்ளே வந்தால் மின்சுமை சமன்பட ஓர் ஆக்சிஜன் இடம் காலியாகும்:

`Y2O3 → 2 Y'Zr + VO•• + 3 OO×`

3Y-யில் ஆக்சிஜன் இடங்களில் 1.46% காலி, 8Y-யில் 3.7%. இந்தக் காலி இடங்களின் வழியாகத்தான் ஆக்சிஜன் அயனிகள் நகர்கின்றன. திட ஆக்சைடு எரிபொருள் மின்கலத்துக்கு 8Y-யை எடுப்பது அதற்காக.

2.3 நிலை வரைபடம்

இதில் எனக்கு இரண்டு பிடிவாதங்கள் உண்டு. முதலாவது, கிடை அச்சின் அலகு. நூல்களில் மோல்% Y₂O₃, மோல்% YO₁.₅, எடை% மூன்றுமே புழங்குகின்றன. நம் 3 மோல்% Y₂O₃ என்பது 5.8 மோல்% YO₁.₅, எடையில் 5.4%. 8 என்பது 14.8 மோல்%, எடையில் 13.7%. அச்சில் வெறுமனே "இட்ரியா %" என்று போட்டால் வாசகர் 3Y-யைத் தவறான பகுதியில் வைத்துவிடுவார். ஆகவே கீழ் அச்சில் மோல்% Y₂O₃, மேல் அச்சில் மோல்% YO₁.₅. மேல் அச்சின் அளவு நேர்கோட்டில் போகாது. x மோல்% Y₂O₃-க்கு 200x/(100+x) என்று கணக்கிட்டுக் கோடுகளைப் போடுங்கள்.

இரண்டாவது, சுடும் வெப்பநிலையில் 3Y இருக்கும் இடம். 1450 °C-ல் அது t-க்குள் இல்லை. t+c பகுதியில் இருக்கிறது. சமநிலைக்குப் போக விட்டால் இட்ரியா குறைந்த t-யாகவும் இட்ரியா நிறைந்த c-யாகவும் பிரிய வேண்டும். ஆனால் நேர்மின் அயனிகளின் பரவல் மிக மெதுவானது. அதனால் நாம் சுட்ட நேரத்தில் பிரிவு ஓரளவுதான் நடக்கிறது. ஆறிய பிறகும் t அப்படியே நிற்பது சமநிலையால் அல்ல. துகள்கள் சிறியதாக, ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருப்பதால் m-ஆக மாற முடியவில்லை. அறை வெப்பநிலையில் வரைபடம் காட்டுவது m+c. நம் எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவில் தெரிவது t. இந்த இரண்டையும் வாசகர் குழப்பிக்கொண்டால் கட்டுரையின் மீதிப் பகுதி புரியாது.

படம் 2: கைவரைவு

```
 °C
2370 |*            c
     | \   `
     |  \      `
     | t  \  t+c   `
1450 |- - - \- - - - - `- - - -
     |  t    \           `
1170 |*       \           `   c
     |   .  t  \           `
     |m+t   .  \            `
~550 |- - - - -E- - - - - - `
     | m         m+c          c
     +----+----+----+----+----+
     0    2    4    6    8    10
            mol% Y2O3
```

எழுத்துகளால் போட்டதால் கோடுகள் கரடுமுரடாக இருக்கும், வளைவுகளை மென்மையாக்குங்கள். செங்குத்து அச்சு 0-லிருந்து 2500 °C வரை போதும், உருகிய பகுதி நமக்குத் தேவையில்லை. t+c பகுதியின் இரு எல்லைகளும் 1450 °C-ல் சுமார் 2.4, 6.8 மோல்%-ல் வர வேண்டும். E புள்ளியில் t, m-ஆகவும் c-ஆகவும் பிரிகிறது. அதன் வெப்பநிலையையும் கலவையையும் ஆய்வாளர்கள் வெவ்வேறாகத் தந்திருக்கிறார்கள். அவ்வளவு தாழ்ந்த வெப்பநிலையில் சமநிலை எட்டவே எட்டாது என்பதால் இது இயல்பு. அதனால் 1000 °C-க்குக் கீழுள்ள எல்லாக் கோடுகளும் விட்டுவிட்டு வரும் கோடுகளாக இருக்கட்டும். முழுக்கோடு போட்டால் இல்லாத உறுதியைக் காட்டியதாகிவிடும்.

3, 8 மோல்%-ல் இரண்டு மெல்லிய செங்குத்துக் கோடுகள் போட்டு, 1450 °C-ல் நிறைந்த வட்டம் வையுங்கள். 3Y கோட்டின் அடியில் வெற்று வட்டம் வைத்துப் பக்கத்தில் "t, சமநிலையற்றது" என்று எழுதுங்கள். இந்த வெற்று வட்டம் இடம் போதவில்லை என்று விடுபடக் கூடாது.

படவிளக்கம்: "படம் 2. ZrO₂–Y₂O₃ நிலை வரைபடத்தின் சிர்கோனியா நிறைந்த பகுதி, சுருக்க வடிவில். நிறைந்த வட்டங்கள் சுடும் நிலையையும், வெற்று வட்டம் 3Y-யில் ஆறிய பின் காணப்பட்ட நிலையையும் குறிக்கின்றன. விட்டுவிட்டு வரும் கோடுகள் தோராயமானவை."

இரண்டு படங்களையும் திருத்தக்கூடிய எஸ்.வி.ஜி. கோப்பாகவே அனுப்புங்கள். எழுத்து அளவு, படம் ஒரு பத்தி அகலத்துக்குச் சுருங்கிய பிறகும் படிக்கும்படி இருக்க வேண்டும்.