தொலைந்த டெபிட் கார்டை முடக்கிப் புதிய அட்டை வழங்கக் கோரும் கடிதம்

அனுப்புநர்
க. மங்கையர்க்கரசி,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியை,
தெற்கு வீதி, சுவாமிமலை,
கும்பகோணம் வட்டம்.

பெறுநர்
கிளை மேலாளர் அவர்கள்,
கும்பகோணம் கிளை.

நாள்: 13.06.2025

பொருள்: 4471 என முடியும் டெபிட் கார்டு தொலைந்தது – முடக்கியதை எழுத்தில் உறுதிசெய்து, புதிய அட்டை வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் கிளையில் 2009 முதல் சேமிப்புக் கணக்கு வைத்திருக்கிறேன். கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் 2086. என் ஓய்வூதியம் இந்தக் கணக்கில்தான் வரவாகிறது.

நேற்று (12.06.2025, வியாழக்கிழமை) காலை 11.20 மணிக்குக் கும்பகோணம் பேருந்து நிலையம் அருகில் உள்ள ஏடிஎம்மில் ரூ.3,000 எடுத்தேன். பிறகு மருந்துக் கடையில் ரூ.640-க்கு அதே அட்டையைக் கொடுத்தேன். அதற்கான குறுஞ்செய்தி 11.47-க்கு வந்திருக்கிறது. அங்கிருந்து பஸ் ஏறி வீடு வந்து கைப்பையைத் திறந்தபோது அட்டை இல்லை. பஸ்ஸில் கூட்டம் அதிகம். கைப்பையின் ஜிப் பாதி திறந்திருந்தது. விழுந்ததா, எடுக்கப்பட்டதா என்று என்னால் சொல்ல முடியவில்லை. மருந்துக் கடைக்குத் தொலைபேசியில் பேசினேன். அங்கே விட்டு வரவில்லை என்றார்கள்.

உடனே, பிற்பகல் 2.10 மணிக்கு, வங்கியின் 24 மணி நேர உதவி எண்ணை அழைத்துத் தெரிவித்தேன். அட்டையை முடக்கிவிட்டதாகச் சொல்லி, 70518842 என்ற புகார் எண்ணைக் கொடுத்தார்கள். ஆனால் இன்று காலை வரை அதை உறுதிசெய்யும் குறுஞ்செய்தி எதுவும் என் கைபேசிக்கு வரவில்லை. நாளை இரண்டாம் சனிக்கிழமை, அடுத்து ஞாயிறு. திங்கள் வரை இந்தக் கவலையோடு இருக்க முடியாது என்பதால்தான் இன்றே நேரில் இக்கடிதத்தைக் கொண்டுவந்திருக்கிறேன்.

என் கவலைக்குக் காரணம் உண்டு. வீட்டின் மேல்தளத்தைச் செப்பனிடுவதற்காக வைத்திருந்த வைப்புத்தொகை சென்ற வாரம் முதிர்ந்து, ரூ.1,85,000 இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. ரகசிய எண்ணை நான் எங்கும் எழுதி வைக்கவில்லை. யாரிடமும் சொன்னதும் இல்லை. ஆயினும் என் அட்டை இயந்திரத்தில் தட்டினாலே பணம் செல்லும் வகையைச் சேர்ந்தது. ஒரு முறைக்கு ரூ.5,000 வரை ரகசிய எண் இல்லாமலே செலுத்திவிடலாம். அட்டை உண்மையிலேயே முடங்கியிருக்கிறதா என்பதைத் தங்கள் கணினியில் இப்போதே பார்த்து, முடங்கவில்லையென்றால் என் கண் முன்னாலேயே முடக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். முடக்கப்பட்ட தேதியையும் நேரத்தையும் குறிப்பிட்டு எழுத்தில் உறுதி தர வேண்டும். 11.47-க்குப் பிறகு ஏதேனும் பற்று வைக்கப்பட்டிருந்தால் அது நான் செய்ததல்ல. வாடிக்கையாளர் தகவல் தெரிவித்த பிறகு நடக்கும் மோசடிப் பரிவர்த்தனையின் இழப்பை வங்கியே ஏற்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ஆம் தேதிச் சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. அதனால் நான் தகவல் தெரிவித்த நேரம், 12.06.2025 பிற்பகல் 2.10, தங்கள் பதிவேட்டில் சரியாக இருக்க வேண்டும்.

பழைய அட்டை பின்னர் கிடைத்தாலும் அதை மீண்டும் இயக்கித் தரும்படி கேட்க மாட்டேன். வெட்டி, தங்கள் கிளையிலேயே ஒப்படைத்துவிடுவேன்.

புதிய அட்டையை என் பெயர் பொறித்ததாகவே வழங்க வேண்டுகிறேன். அதில் தட்டிச் செலுத்தும் வசதியும், இணையப் பரிவர்த்தனையும், வெளிநாட்டுப் பயன்பாடும் வேண்டாம். ஏடிஎம்மிலும் கடைகளிலும் ரகசிய எண்ணோடு பயன்படுத்தினால் எனக்குப் போதும். அட்டையை அஞ்சலில் அனுப்ப வேண்டாம். பகலில் பெரும்பாலும் வீடு பூட்டியிருக்கும். கிளைக்கு வந்ததும் தகவல் தந்தால் நானே வந்து கையொப்பமிட்டுப் பெற்றுக்கொள்கிறேன். இதற்குரிய கட்டணத்தையும் ஜிஎஸ்டியையும் என் கணக்கிலேயே பற்று வைத்துக்கொள்ளலாம்.

என்னிடம் காசோலைப் புத்தகம் இல்லை, யுபிஐயும் பயன்படுத்துவதில்லை. ஆகவே அட்டை வரும் வரை பாஸ்புக்கைக் காட்டிச் சீட்டு எழுதித்தான் பணம் எடுக்க வேண்டும். வரும் வாரம் கொத்தனாருக்கு முன்பணமாக ரூ.40,000 தர வேண்டியிருக்கிறது. அதற்கு இடையூறு வராமல் பார்த்துக்கொள்ளுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இக்கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் நேரமும் இட்டுத் தருமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
க. மங்கையர்க்கரசி

இடம்: கும்பகோணம்

இணைப்பு: பாஸ்புக் முதல் பக்க நகல், ஆதார் அட்டை நகல், 12.06.2025 அன்று 11.47-க்கு வந்த குறுஞ்செய்தியின் அச்சுப்படி.