பொன்மேனி சிக்னல் ஆக்சிடென்ட் பத்தி நான் பாத்தது

எஸ்.எஸ். காலனி ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் ஐயாவுக்கு,

மதுரை பைபாஸ் ரோடு பொன்மேனி சிக்னல்ல பஞ்சர் கடை வச்சிருக்கேன்யா. கடை எஸ்.எஸ். காலனி பக்கம், காளவாசல்ல இருந்து வர்ற வண்டி நிக்கிற கோட்டுக்கு நேரா, கோட்டுக்கும் கடைக்கும் ஒரு 15 அடிதான் இருக்கும்.

14.11.2025 வெள்ளிக்கிழம காலைல நடந்துச்சு. பஞ்சர் ஒட்டுனதுக்கு ஒருத்தர் ஜிபேல 100 ரூபா போட்டாரு, அந்த மெசேஜ்ல 8.42னு இருக்கு, அவரு வண்டிய எடுத்துட்டு கெளம்புறதுக்குள்ள மோதிருச்சு, அதுனால நேரம் அதான்.

காளவாசல்ல இருந்து பழங்காநத்தம் போற சிக்னல் செவப்பு விழுந்துருச்சு. 60ல இருந்து எறங்கும், நான் பாக்கும்போது டைமர்ல 57. ரெண்டு பைக் கோட்டுலயே நின்னுட்டாங்க. பின்னாடி வந்த ஷேர் ஆட்டோ நிக்காம அவங்களுக்கு வலது பக்கமா ஒடிச்சு உள்ள போயிருச்சு. ஆரன் அடிச்சுக்கிட்டேதான் போச்சு, பிரேக் சத்தம் மோதுறப்பதான் கேட்டுச்சு. எவ்வளவு ஸ்பீடுன்னு கேட்டா எனக்கு சொல்லத் தெரியாதுங்கய்யா, ஆனா சிக்னல்ல ஸ்லோ பண்ற வண்டி மாதிரி வரல.

எஸ்.எஸ். காலனி ரோட்ல இருந்து பொன்மேனிக்கு நேரா போன பைக்குதான் அடிபட்டது. ஹெல்மெட் போட்ட பையன், பின்னாடி யாரும் இல்ல. அந்த ரோட்டு சிக்னல் என் கடைல இருந்து தெரியாது, அதுனால பச்சையா இருந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். அவன் கூடவே இன்னும் மூணு நாலு வண்டி கெளம்பி வந்துச்சு, அத பாத்தேன். இவன்தான் முன்னாடி இருந்தான். ஆட்டோவோட முன்பக்கம் பைக்கோட வலது பக்கம் பின் வீல்ல இடிச்சுச்சு, சென்டர் மீடியனுக்கு இங்குட்டே, நம்ம பக்கத்து ரோட்டுலதான். பைக் சுத்தி விழுந்துச்சு, பையன் கால் அடியில மாட்டிக்கிச்சு.

முக்கியமா ஒன்னு சொல்லணும்யா. நீங்க வந்து பாத்தப்ப ஆட்டோ பழங்காநத்தம் பக்கம் ஓரமா நின்னுச்சுல்ல, அது மோதுன எடம் இல்ல. 108 வந்து பையன ஏத்துன கையோட நாலஞ்சு பேரு சேந்து டிராபிக் நிக்குதுன்னு ஆட்டோவ அங்குட்டு தள்ளிட்டாங்க. ஹெட்லைட் கண்ணாடி சிதறிக் கெடந்துச்சே, மோதுனது அங்கதான். பைக்க மட்டும் யாரும் தொடல.

பைக்காரன்தான் சிக்னல ஜம்ப் பண்ணான்னு அங்க ரெண்டு பேரு சத்தம் போட்டாங்க. அவங்க மோதுனப்பறம் அங்குட்டு டீக்கடைல இருந்து ஓடி வந்தவங்க. ஆட்டோ டிரைவரோ பையனோ எனக்கு பழக்கம் இல்ல. ஆட்டோ நம்பர்ல டிஎன் 58 மட்டும்தான் கவனிச்சேன்.

மறுபடி விசாரிக்கணும்னா காலைல 7 மணில இருந்து ராத்திரி 9 வரைக்கும் கடைலதான் இருப்பேன், நின்ன எடத்த வந்து காட்டுறேன்.

15.11.2025
பஞ்சர் கடைக்காரர், பொன்மேனி சிக்னல்